பக்கத்து வீட்டுத் தாத்தாவின் 21 சவர்க்காரங்கள்

 

கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு தேத்தண்ணியோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

இப்போது வட்ஸ்அப்பைத் திறந்தாலே ஒரு படம் வருகிறது. நாலைந்து சவர்க்காரக் கட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, பக்கத்தில் இரண்டு வேப்பிலையும் ஒரு துண்டு மஞ்சளும் வைத்து எடுத்த படம். பளபளப்பு இல்லாத மேற்பரப்பு, கத்தியால் வெட்டிய விளிம்பு, உள்ளே புள்ளி புள்ளியாக இலைத் தூள். கீழே "வீட்டில் செய்தது, இரசாயனம் இல்லாதது" என்று எழுதியிருக்கும். படம் அழகுதான். ஆனால் அந்த இரண்டாவது வாக்கியத்தைப் பற்றி எங்களுக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே நடந்த ஒரு விஷயம் அது. சம்பந்தப்பட்டவரிடம் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறோம். பெயர் வேண்டாம் என்றார், போடவில்லை.

எங்கள் வீட்டில் இரண்டு பேருமே ஆசிரியர்கள். ஒருவர் விஞ்ஞானம், மற்றவர் மனைப் பொருளியல். ஆகவே சவர்க்காரம் என்று வந்தால் எங்களுக்குள் யார் பாடம் என்பதில் சண்டை வரும். பக்கத்து வீட்டுத் தாத்தா அந்தச் சண்டையை நன்றாக அறிந்தவர். 2022இல் கடைச் சவர்க்காரத்தின் விலை ஏறிக்கொண்டே போனபோது, "நம்மளே செய்ய ஏலாதா டீச்சர்?" என்று முதலில் கேட்டவரும் அவர்தான். அப்போது பேச்சோடு போய்விட்டது. கடந்த ஒக்டோபரில், எங்களிடம் சொல்லாமல், கைபேசியில் ஒரு வீடியோ பார்த்துத் தானாகவே தொடங்கிவிட்டார். மூன்று தொகுதி செய்து 21 கட்டிகள் வெட்டினார். ஒன்பதை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தார். ஒரு கலியாண வீட்டுக்கு, வருகிறவர்களுக்குக் கொடுக்க 60 கட்டிகளுக்கு ஓர்டரும் எடுத்துவிட்டார்.

ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு கதவைத் தட்டினார். முகம் சரியில்லை. சவர்க்காரம் வாங்கிய வீடொன்றில் சின்னப் பிள்ளையின் கை சிவந்து எரிகிறதாம். "காய வெச்சா சரியாப் போகும் என்டுதானே டீச்சர் வீடியோவில சொன்னாங்க?" என்றார்.

காய வைத்தாலும் சரியாகாத ஒன்று உண்டு. அதைச் சொல்ல வேண்டுமென்றால் சவர்க்காரம் என்றால் என்ன என்பதில் இருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் மொழிச் சொல்லிலேயே விஷயம் இருக்கிறது. சவர் என்றால் உவர்; காரம் என்றால் காரம்தான். அரபியில் சாம்பலைக் குறிக்கும் அல்-கலீ என்ற சொல்லில் இருந்துதான் ஆங்கிலத்தின் அல்கலி வந்தது. சாம்பலாக இருந்தாலும் கடையில் வாங்கும் கோஸ்டிக் சோடாவாக இருந்தாலும், காரம் இல்லாமல் சவர்க்காரம் இல்லை. எண்ணெயும் சோடியம் ஐதரொட்சைட்டும் ஒன்றோடொன்று தாக்கமடைந்து, இரண்டுமே தங்கள் குணத்தை இழந்து, சவர்க்காரமும் கிளிசரோலும் ஆகின்றன. சரியாகச் செய்த கட்டியில் சோடா சோடாவாக மிஞ்சியிருக்காது. ஆகவே "இரசாயனம் இல்லாதது" என்பது தவறு. "சோடா மிஞ்சாதது" என்று எழுதினால் அது உண்மை. ஆனால் அதை எழுதக் கணக்கு வேண்டும்.

ஒவ்வொரு எண்ணெயும் ஒவ்வொரு அளவு சோடாவைக் குடிக்கும். தேங்காய் எண்ணெய் ஒரு கிராமுக்கு 0.183 கிராம் சோடா வேண்டும். நல்லெண்ணெய்க்கு 0.134, ஆமணக்கெண்ணெய்க்கு 0.128. தாத்தா எடுத்த கணக்கில் தேங்காய் எண்ணெய் 350 கிராம், நல்லெண்ணெய் 100, ஆமணக்கெண்ணெய் 50; மொத்தம் 500 கிராம். பெருக்கிக் கூட்டினால் 64.05, 13.4, 6.4. அதாவது 83.85 கிராம் சோடா வரை அந்த எண்ணெய் தாங்கும். அதில் ஒரு கிராம் கூடினாலும் அந்தக் கூடிய சோடா கட்டிக்குள் சோடாவாகவே கிடக்கும். அதனால்தான் முழு அளவும் போடாமல் 5 வீதமோ 8 வீதமோ குறைத்துப் போடுகிறார்கள். தேங்காய் எண்ணெய் கூடிய சவர்க்காரம் நன்றாக நுரைக்கும், ஆனால் தோலைக் காய வைக்கும்; எங்கள் குளிருக்கு அது பெரிய தொல்லை. ஆகவே 8 வீதம் குறைப்பது நல்லது. 83.85இல் 8 வீதம் கழித்தால் 77 கிராம். வீடியோவில் சொன்னதும் 77தான். வீடியோவில் பிழையில்லை.

பிழை எங்கே வந்தது என்பதைத் தாத்தாவின் வாயாலேயே மெதுவாகக் கேட்டு எடுத்தோம். இந்த 21க்கு முன்னே ஒரு தொகுதி செய்திருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை. அது இறுகவே இல்லையாம். மேலே எண்ணெய் மிதந்து, வெட்டினால் கத்தியில் ஒட்டிக்கொண்டு, கடைசியில் சட்டி கழுவ எடுத்துவிட்டார். "சோடா காணாது போல" என்று நினைத்து அடுத்த முறை ஒரு கரண்டி கூட்டிப் போட்டார். அது 90 கிராம். நன்றாக இறுகியது, வெட்டவும் அழகாக இருந்தது. அதே அளவிலேயே மூன்று தொகுதியும் செய்தார்.

முதல் தொகுதி ஏன் இறுகவில்லை? அந்தச் சோடாப் பைக்கற்றை இரண்டு மாதத்துக்கு முன்னே பிரித்து, வாயைச் சுருட்டி, குசினித் தட்டில் வைத்திருந்தாராம். பெரகலையில் ஒக்டோபர் மாதம் எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னலைத் திறந்தால் மூடுபனி உள்ளே வந்து உட்காரும். கோஸ்டிக் சோடா காற்றில் உள்ள ஈரத்தைத் தானாகவே உறிஞ்சும், காற்றில் உள்ள காபனீரொட்சைட்டோடு சேர்ந்து சலவைச் சோடாவாகவும் மாறும். அப்படிக் கெட்டுப்போன பைக்கற்றில் 77 கிராம் நிறுத்தால் தராசு 77 காட்டும். உள்ளே உள்ள உண்மையான சோடா அதைவிடக் குறைவு. சீரான வெள்ளைத் துகளாக இல்லாமல் கட்டிபட்டு, ஈரமாக மினுங்கினால் அது கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

இன்னுமொரு காரணமும் இருந்திருக்கலாம். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். எங்கள் வீடுகளில் காலையில் போத்தலுக்குள் வெள்ளையாக நிற்பதைப் பார்க்கிறோம்தானே. அரைகுறையாக உருகிய எண்ணெயில் ஆறிப்போன சோடாத் தண்ணீரை ஊற்றிக் கலக்கினால் கலவை உடனே தடிக்கும். சவர்க்காரம் ஆகிவிட்டது என்று நினைத்து அச்சில் ஊற்றிவிடுவோம். உண்மையில் எண்ணெய்தான் உறைந்திருக்கும். பிறகு இரண்டும் பிரிந்துவிடும்.

காரணம் எதுவாக இருந்தாலும், இரண்டாவது முறை வாங்கியது புதிய பைக்கற். அதில் 90 கிராம் என்றால் 90 கிராம் சோடாதான். எண்ணெய் தாங்கக்கூடியது 83.85. ஏழு கட்டிகளுக்குள் 6 கிராமுக்கு மேல் வெறும் சோடா. பிள்ளையின் கை எரிந்ததற்கு இதுதான் காரணம். மேலே இருப்பது காற்றோடு சேர்ந்து மாறலாம், ஆனால் கட்டிக்கு உள்ளே உள்ளது ஒன்றரை மாதம் காய்ந்தாலும் அங்கேயேதான் இருக்கும்.

இது எங்கள் ஊகம் மட்டும்தான் என்று அப்போது சொன்னோம். அடுத்த நாள் தாத்தா நாலு கட்டிகளைப் பையில் போட்டுப் பாடசாலைக்குக் கொண்டு வந்தார். இடைவேளையில் ஆய்வுகூடத்தில் பார்த்தோம். பினோத்தலின் உங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும், காரத்தில் இளஞ்சிவப்பாகும் அந்தத் துளிதான். ஒரு கட்டியை நடுவே புதிதாக வெட்டி, ஈரம் படாத அந்த முகத்தில், மதுசாரத்தில் கரைத்த பினோத்தலினை ஒரு துளி விட்டோம். விட்ட உடனேயே நல்ல ரோசாப்பூ நிறம். ஒப்பிட்டுப் பார்க்கக் கடையில் வாங்கிய ஒரு குளிக்கும் சவர்க்காரத்தையும் வெட்டி அதே மாதிரி விட்டோம். நிறம் வரவில்லை. தாத்தா ஒன்றுமே பேசவில்லை.

இந்தச் சோதனையில் ஒரு கவனம் வேண்டும். கட்டியில் தண்ணீர் பட்டிருந்தால் நல்ல சவர்க்காரமும் நிறம் காட்டும், ஏனென்றால் சவர்க்காரத் தண்ணீர் இயல்பிலேயே காரம். ஆகவே காய்ந்த, புதிதாக வெட்டிய முகத்தில்தான் பார்க்க வேண்டும். மஞ்சளை வைத்துப் பார்க்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள், அது முடியாது. வெள்ளைச் சட்டையில் பட்ட கறி மஞ்சளுக்குச் சவர்க்காரம் போட்டால் சிவப்பாக மாறுவதை எல்லா உம்மாமாரும் பார்த்திருப்பார்கள். நல்ல சவர்க்காரத்துக்கே மஞ்சள் சிவக்கும் என்றால், கெட்டதை அது எப்படிப் பிரித்துக் காட்டும்? நாக்கில் தொட்டுப் பார்க்கும் முறையும் இருக்கிறது, மிஞ்சிய சோடா மின்சாரம் அடித்த மாதிரிச் சுளீர் என்று அடிக்கும். பிள்ளைகள் பார்த்தால் தாங்களும் செய்வார்கள். வேண்டாம்.

அன்று பின்னேரம் தாத்தா குடையையும் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கொடுத்த கட்டிகளைத் திருப்பி வாங்கினார். எட்டு வந்தது, ஒன்பதாவதால் அந்த வீட்டில் தரை கழுவிவிட்டார்கள். நாங்கள் கூடப் போகிறோம் என்றோம். "நான் குடுத்தது, நானே போய் எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். கை எரிந்த பிள்ளையின் வீட்டில் முதலில் கொஞ்சம் பேச்சு வந்ததாம், பிறகு தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார்களாம். பிள்ளைக்கு அல்ஹம்துலில்லாஹ் இரண்டு நாளில் சரியாகிவிட்டது.

எறியவும் தேவையில்லை. கட்டிகளைத் துருவி, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, பெரிய பாத்திரத்தில் கொதிக்கும் தண்ணீருக்குள் சின்னப் பாத்திரத்தை வைத்து மெல்லிய சூட்டில் இளக்கினோம். எவ்வளவு எண்ணெய் சேர்க்க வேண்டும் என்பதற்கும் கணக்குத்தான். 90 கிராம் சோடா 92 வீதமாக இருக்க வேண்டுமென்றால் எண்ணெய் தாங்கும் அளவு ஏறத்தாழ 97.8 ஆக வேண்டும். இருப்பது 83.85. குறைவது 14. அதை 0.183ஆல் பிரித்தால் 76 கிராம் தேங்காய் எண்ணெய். ஒரு தொகுதிக்கு 76 கிராம் சேர்த்து, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கிளறி, ஆறியபின் வெட்டித் துளி விட்டுப் பார்த்தோம். நிறம் வரவில்லை. கட்டிகள் பார்வைக்கு அவ்வளவு நன்றாக இல்லை. கரடுமுரடாக, விளிம்பு உடைந்து, இலைத் தூள் எல்லாம் கறுப்பாகி, தொதோல் துண்டு மாதிரி இருந்தன. தாத்தா அவற்றைத் தன் வீட்டுக்கே வைத்துக்கொண்டார்.

பிறகு கலியாண வீட்டுக்காக ஒரு புதிய தொகுதி, இந்தமுறை எங்கள் குசினியில். மனைப் பொருளியல் முன்னால், விஞ்ஞானம் பின்னால்.

முதலில் பாத்திரம். எங்கள் வீடுகளில் பாதி அலுமினியம். சோடா அலுமினியத்தை அரித்துத் தின்னும், ஐதரசன் வாயு வெளிவரும். ஆகவே அலுமினியம் குசினி மேசைக்கே வரக்கூடாது. துருப்பிடிக்காத உருக்குப் பாத்திரமும், சூடு தாங்கும் தடித்த பிளாஸ்ரிக் ஜக்கும் எடுத்தோம். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு றப்பர் உறை. பிள்ளைகளை மாமி வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். தண்ணீர் 154 கிராம், சோடாவின் இரண்டு மடங்கு. தண்ணீருக்குள்தான் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்துக்குத் தெறிக்கும். ஜன்னல் பக்கத்தில் வைத்துக் கலக்க வேண்டும், அந்த ஆவி தொண்டையைப் பிடிக்கும். கையில் பட்டால் ஓடும் தண்ணீரில் நிறைய நேரம் கழுவ வேண்டும். காயத்தில் வினாகிரி ஊற்றச் சொல்லிப் பரவும் செய்தியை நம்பாதீர்கள். வினாகிரி மேசையில் சிந்தியதைத் துடைக்க மட்டும்தான்.

எண்ணெயை முழுவதும் உருக்கி, இரண்டையும் 40 பாகை அளவுக்கு ஆற விட்டு, சோடாத் தண்ணீரை எண்ணெயில் ஊற்றிக் கலக்கினோம். கஸ்டர்ட் பதம் வரும்போது கரண்டியில் இருந்து விழுவது மேலே ஒரு கோடாகத் தங்கும். அதுதான் அளவு. அந்த நேரத்தில்தான் மூலிகை சேர்க்க வேண்டும்.

மூலிகை விஷயத்தில் தாத்தாவுக்குப் பெரிய ஏமாற்றம் காத்திருந்தது. கலியாண வீட்டில் அவருக்குக் காட்டிய படம் கிளிப்பச்சை. அவரிடம் இருந்தது வெல்லவாயப் பக்கத்தில் இருந்து வந்த காய்ந்த வேப்பிலையும் வீட்டு வல்லாரையும். இரண்டும் பச்சைதான். ஆனால் புதிய சவர்க்காரக் கலவை கடும் காரம். அந்தக் காரத்திலும், பிறகு வெளிச்சத்திலும் காற்றிலும் இலைப் பச்சை நிற்காது. முதலில் கடும் பச்சையாக இருந்து, கிழமைக்குக் கிழமை மங்கி, பழுத்த ஒலிவ் நிறத்துக்கும் கடைசியில் தவிட்டு நிறத்துக்கும் வரும். செவ்வரத்தைப் பூவும் ரோசாப்பூவும் இன்னும் மோசம், இரண்டு நாளில் தேத்தூள் நிறம். சாமந்தி இதழ் மட்டும் மஞ்சளாகவே நிற்கும். மஞ்சள் தூள் போட்டால் கலவை செங்கல் மாதிரிச் சிவக்கும், பயப்பட வேண்டாம். காரம் தணியத் தணிய மெதுவாக செம்மஞ்சளுக்கு வரும். எனவே வேப்பிலை சேர்த்து ஆறு மாதமாகியும் கிளிப்பச்சையாக இருக்கும் கட்டியைப் பார்த்தால் அது சாயம் போட்டது. சாயம் போடுவது குற்றம் இல்லை. ஆனால் வேப்பிலையின் நிறம் என்று சொல்லி விற்பது பொய்.

இலையைப் பச்சையாக அரைத்துப் போடவும் கூடாது. உள்ளே ஈரம் இருந்தால் அந்த இடம் பழுப்பாகி, எங்கள் ஈரக் காற்றில் பூஞ்சணமும் பிடிக்கும். நிழலில் மொறுமொறுப்பாகக் காய வைத்து, பொடித்து, மெல்லிய துணியில் சலித்து 500 கிராம் எண்ணெய்க்கு ஒரு மேசைக்கரண்டி போட்டோம். சலிக்காவிட்டால் வெட்டும்போது பெரிய துண்டுகள் கத்தியில் சிக்கி முகத்தில் கோடு இழுக்கும். படத்தில் அது அழகாக இருக்கும், குளிக்கும்போது தோலைக் கீறும்.

வெட்டும் நேரமும் ஒரு கணக்குத்தான். ஒலிவ் எண்ணெய்ச் சவர்க்காரத்தை ஒரு நாள், இரண்டு நாள் விட்டு வெட்டலாம். எங்களுடையதில் தேங்காய் எண்ணெய் 70 வீதம், அது வேகமாக இறுகும். தாத்தா முன்னே ஒரு நாள் முழுவதும் விட்டு வெட்டியதால்தான் விளிம்புகள் உடைந்திருந்தன. இந்தமுறை அஸருக்கு ஊற்றியதை அடுத்த நாள் சுபஹுக்குப் பிறகு வெட்டினோம். கத்தி பாலாடைக்கட்டியில் இறங்குவது போல இறங்கியது. ஏழு கட்டி, ஒவ்வொன்றும் 104 கிராம் அளவில்.

மேலே வெள்ளையாக மெல்லிய தூள் பூத்திருந்தது. "பூஞ்சணமா?" என்று தாத்தா பதறினார். இல்லை. இறுகும் முன்னே மேற்பரப்பில் இருந்த சோடா காற்றோடு சேர்ந்து சலவைச் சோடாவானது. குளிரிலும் ஈரக் காற்றிலும் கூடுதலாக வரும். அச்சை ஒரு நாள் மூடி வைத்தால் குறையும். வந்தால் ஈரத் துணியால் துடைத்தால் போதும். அது மேல் தோலில் மட்டும்தான். வெட்டிய முகத்தில், உள்ளே வெள்ளைப் புள்ளிகளோ நரம்போ தெரிந்தால் அதைச் சந்தேகப்பட்டுத் துளி விட்டுப் பார்க்க வேண்டும்.

கைச் சவர்க்காரம் ஏன் மங்கலாக இருக்கிறது என்றும் தாத்தா கேட்டார். ஆலையில் சவர்க்காரத்தை உருளைகளுக்கு நடுவே பலமுறை நசுக்கி, அழுத்தி, அச்சுக் குத்தி எடுக்கிறார்கள், அதனால் மழமழப்பு. கையால் ஊற்றி வெட்டியதில் அந்த அழுத்தம் இல்லை. மங்கல் குறையில்லை. உண்மையில் "கையால் செய்தது" என்று வரும் கட்டி கண்ணாடி மாதிரி மினுங்கி, மழை நாளில் மேலே வியர்வைத் துளிகள் பூத்து நின்றால், அது பெரும்பாலும் கடையில் ஆயத்தமாக விற்கும் கிளிசரின் கட்டியை உருக்கி அச்சில் ஊற்றியது. அதிலும் தவறில்லை, ஆனால் அதுவும் இதுவும் ஒன்றல்ல.

அடுக்குவது பற்றி. சவர்க்காரக் கட்டியைப் படத்துக்காக அடுக்கலாம், காய வைக்க அப்படி அடுக்கக்கூடாது. பலஸ்தீனத்தின் நாப்லுஸில் ஒலிவ் எண்ணெய்ச் சவர்க்காரத்தை ஆளுயரத்துக்கு மேல் கோபுரமாக அடுக்குகிறார்கள், நடுவே வெறுமையாக, கட்டிக்குக் கட்டி இடைவெளி விட்டு, காற்று உள்ளே போய் வர. சிரியாவின் அலெப்போவில் தரையில் ஊற்றி, வெட்டி, அடுக்கி, மாதக் கணக்கில் காய விடுகிறார்கள். அங்கே வெளித்தோல் பொன் தவிட்டு நிறமாகி, வெட்டினால் உள்ளே இன்னும் பச்சை இருக்கும். அந்தப் பச்சையும் தவிடும்தான் இயற்கை நிறம். இந்த இரண்டு ஊர்களின் கைவினையையும் 2024இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. தாத்தாவுக்கு அந்தக் கோபுரப் படங்களைக் காட்டியபோதுதான் தன் அட்டைப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். அவர் 21 கட்டிகளையும் செங்கல் அடுக்கிய மாதிரி இடைவெளி இல்லாமல் அடுக்கி மூடி வைத்திருந்தார், நடுவில் இருந்தவை அப்படியே ஈரமாக இருந்தன.

ஒரு சின்ன விஷயம் இடையில். தாத்தாவின் உம்மா இந்தச் சவர்க்காரத்தை விரும்பியதற்குக் காரணம் வேறு. கடைச் சவர்க்கார உறையில் சோடியம் டாலோவேட் என்று இருந்தால் அது விலங்குக் கொழுப்பில் செய்தது. எந்த விலங்கு, எப்படி அறுத்தது என்று உறை சொல்லாது. சோடியம் கோகோவேட் என்றால் தேங்காய் எண்ணெய், பாமேட் என்றால் பாம் எண்ணெய். அசுத்தமான கொழுப்பு சவர்க்காரமாக மாறிவிட்டால் சுத்தமாகிவிடுமா என்பதில் ஹனபி மத்ஹபில் ஆகும் என்கிறார்கள், எங்கள் ஷாபி மத்ஹபில் அப்படி எளிதாக ஏற்பதில்லை. மேலே கேட்க வேண்டியவர்கள் மவ்லவிமாரிடம் கேளுங்கள். எங்களுக்குத் தெரிந்தது, உறையை வாசிக்கும் வழி மட்டும்தான்.

இன்னொரு எச்சரிக்கை, வியாபாரமாகச் செய்ய நினைப்பவர்களுக்கு. சில்லறையாக வாங்கும் தேங்காய் எண்ணெயில் பாம் எண்ணெய் கலந்திருக்கலாம். பாம் எண்ணெய் குடிக்கும் சோடா 0.142தான். 350 கிராமில் பாதி பாம் எண்ணெயாக இருந்தால், எண்ணெய் தாங்கும் மொத்தச் சோடா 77க்கும் ஒரு மயிரிழை குறைவு. அதாவது நாங்கள் பாதுகாப்புக்கு விட்ட 8 வீதமும் காணாமல் போய்விடும். முழுவதுமே பாம் எண்ணெய் என்றால் ஏழு கிராமுக்கு மேல் சோடா மிஞ்சும். எனவே நம்பிக்கையான எண்ணெய், மூடிய பைக்கற் சோடா, கிராம் காட்டும் தராசு. கரண்டிக் கணக்கு கறிக்கு மட்டும். சமையலில் கண்ணளவு வைத்து நாற்பது வருடம் வென்றவர்கள்தான் இந்த வேலையில் முதலில் தோற்பார்கள் (இதை எழுதியது விஞ்ஞானம், மனைப் பொருளியல் ஒப்புக்கொள்ளவில்லை).

இப்போது அந்த ஏழு கட்டிகளும் எங்கள் அலுமாரிக்கு மேல், மூங்கில் தட்டில், விரல் இடைவெளி விட்டு நிற்கின்றன. ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆ முடிந்து தாத்தாவின் மகன் வந்து ஒரு கட்டியை நிறுத்துக் கொப்பியில் எழுதுவான். வெட்டிய அன்று 104. முதல் கிழமை 99, பிறகு 96, 94, 93. இரண்டு கிழமை தொடர்ந்து எடை மாறாமல் நின்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். வழக்கமாக நாலு முதல் ஆறு கிழமை என்பார்கள், எங்கள் மழைக்கு அதைவிடக் கூடுதலாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

கலியாண வீட்டுக்குத் தாத்தா தானே போய் எல்லாவற்றையும் சொன்னார், எரிந்த கையையும் சேர்த்து. கிளிப்பச்சை வராது, தவிட்டுப் பச்சைதான், திகதிக்கு 60 கட்டி காய்ந்து முடியாது, 20தான் தரலாம் என்றார். அவர்கள் 20 போதும் என்றார்களாம். இந்தக் கிழமை அடுத்த இரண்டு தொகுதிகளை ஊற்றியிருக்கிறார், இந்தமுறை அவர் குசினியிலேயே. காலையில் ஜன்னலால் கூப்பிட்டார்: "டீச்சர், வெட்டின முகத்தில துளி விட்டுட்டேன். ஒன்டும் வரல்ல!"